ஆத்துக்குக் குறுக்க பைப் போடுறீங்களா, எந்த இடத்துல தண்ணிக்குள்ள இறக்கணும்?

ஆறு 120 மீட்டர் அகலம், பைப் போய்ச் சேர வேண்டிய இடம் எதிர்க்கரையில 300 மீட்டர் தள்ளி இருக்குன்னு வச்சுக்கோங்க. கரையோரமா போட்டா மீட்டருக்கு 600 ரூபா, தண்ணிக்குள்ள 1000 ரூபா. நிறைய பேர் தண்ணிதான காஸ்ட்லின்னு நேர் குறுக்கால போட்டுடுவாங்க, அது 3,00,000 ஆகும், சரி ஒரே கோடா சாய்ச்சு இழுப்போம்னா கிட்டத்தட்ட 3,23,000 வந்துடும். ரெண்டுக்கும் நடுவுலதான் லாபமே இருக்கு.

```
x = w·a / √(b² − a²)
```

w ஆத்து அகலம், a கரை ரேட், b தண்ணி ரேட். 120 × 600 / 800 = 90. அதாவது கரையோரமா 210 மீட்டர் போயிட்டு, மிச்சம் 90 மீட்டர் இருக்கும்போது தண்ணில சாய்ச்சு இறக்குங்க, தண்ணிக்குள்ள 150 மீட்டர் வரும், மொத்தம் 2,76,000தான்.

ஃபார்முலால அந்த 300 வரவே இல்ல பாருங்க, எனக்கு ரொம்பப் புடிச்ச விஷயம் இது, தூரம் கூடினா கரைப் பைப் மட்டும்தான் நீளும், சாய்வு மாறாது. ஆனா மொத்த தூரமே 90க்குக் கம்மின்னா நேரா சாய்ச்சே இழுத்துடுங்க.

90ல பாறை இருந்தாலும் கவலப்படாதீங்க, 100ல இறக்குனா 205 ரூபாதான் கூட.