மணல், களிமண், இருமண்பாட்டு மண்: நீரைப் பிடித்து வைக்கும் திறனைப் பாட்டிலும் கடிகாரமும் கொண்டு அளப்பது எப்படி?

ஒரு மண்ணில் நீர் எவ்வளவு விரைவாக இறங்குகிறது, இறங்கி முடிந்தபின் எவ்வளவு நீர் அதில் தங்குகிறது என்பவை இரண்டு வெவ்வேறு கேள்விகள். நேரத்தை அளந்தால் முதலாவதற்கும், வடிந்த நீரை அளந்தால் இரண்டாவதற்கும் விடை கிடைக்கும். ஆகையால் இந்தச் சோதனையில் இரண்டையும் தனித்தனியாகக் குறித்துக்கொள்ள வேண்டும்.

மணலுக்கு, கழுவிய ஆற்று மணல் ஏற்றது. எம்-சாண்டில் கல் உடைத்த தூள் கலந்திருக்கும் என்பதால், தெளிந்த நீர் வரும்வரை அதைப் பலமுறை அலசிய பிறகே பயன்படுத்தலாம். களிமண்ணைக் குளத்தின் அடியிலிருந்தோ குயவரிடமிருந்தோ பெறலாம். இருமண்பாட்டு மண் என்பது மணலும் வண்டலும் ஏறத்தாழச் சம அளவிலும், களி அவற்றைவிடக் குறைவாகவும் கலந்தது. நன்கு பராமரித்த காய்கறித் தோட்டத்தில் பெரும்பாலும் கிடைக்கும். ஈரமாக்கிப் பிசைந்து கட்டைவிரலால் நாடாவைப் போல நீட்டிப் பார்த்தால், களிமண் நீளமாக வரும். இருமண்பாட்டு மண் சிறிது நீண்டதும் அறுந்துவிடும். மணல் நாடாவாகவே வராது.

மூன்று மண்ணையும் தட்டில் பரப்பி, தொட்டால் ஈரம் தெரியாத அளவுக்கு வெயிலில் காயவைக்கவும். களிமண் கட்டிகளைக் கட்டையால் தட்டிப் பொடியாக்கி, எல்லாவற்றையும் ஒரே சல்லடையில் சலித்துக்கொள்ளவும். ஈரம் மிச்சமிருக்கும் மண், ஏற்கெனவே பிடித்து வைத்திருக்கும் நீரைக் கணக்கில் காட்டாது.

ஒரே அளவுள்ள மூன்று ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில்களைப் பாதிக்குச் சற்றுக் கீழே வெட்டவும். மூடியைக் கழற்றிவிட்டு, நனைத்துப் பிழிந்த பழைய வேட்டித் துணியை இரண்டு மடிப்பாக வாயில் வைத்து ரப்பர் வளையத்தால் இறுக்கவும். மேற்பகுதியைத் தலைகீழாகக் கீழ்ப்பகுதிக்குள் நிறுத்தினால் புனல் தயார். ஒவ்வொன்றிலும் 300 மில்லிலிட்டர் மண்ணை மூன்று தவணையாகப் போட்டு, ஒவ்வொரு தவணைக்கும் மேசையில் இரண்டு முறை தட்டவும். மேற்பரப்பில் குழி விழாமல் இருக்க ஒரு சிறு துணித் துண்டைப் போட்டு, அதன்மேல் 200 மில்லிலிட்டர் நீரை மெதுவாக ஊற்றி, ஊற்றத் தொடங்கிய நொடியிலேயே கைபேசியின் நிறுத்தற்கடிகாரத்தை இயக்கவும்.

முதல் துளி விழுந்த நேரம், மேலே தேங்கிய நீர் மறைந்த நேரம், ஒரு நிமிடத்திற்கு ஒரு துளிக்கும் குறைவாக வடியத் தொடங்கிய நேரம் ஆகிய மூன்றையும் எழுதவும். மணலில் முதல் இரண்டும் சில நிமிடங்களுக்குள் முடிந்துவிடும். களிமண்ணுக்குப் பல மணி நேரம், சில வேளை ஓர் இரவுகூட ஆகலாம். அப்போது ஆவியாவதைத் தடுக்க மேலே பிளாஸ்டிக் தாளைக் கட்டி வைக்கவும்.

களிமண்ணில் முதல் துளி மணலைப் போலவே உடனே விழுந்தால் முடிவை நம்ப வேண்டாம். பாட்டில் சுவருக்கும் மண்ணுக்கும் இடையே நீர் வழுக்கி இறங்கியிருக்கும் அல்லது பொடியாகாத கட்டிகளுக்கு இடையே ஓடியிருக்கும். மண்ணைக் கிளறிப் பார்த்தால் உட்பகுதி வெளிறி உலர்ந்தே இருப்பதைக் காணலாம். மண்ணை எடுத்து மறுபடியும் காயவைத்து, இன்னும் நுணுக்கிப் போடுவதே தீர்வு.

கணக்கிடுவதற்கு ஓர் எடுத்துக்காட்டு: மணலிலிருந்து 120, இருமண்பாட்டு மண்ணிலிருந்து 85, களிமண்ணிலிருந்து 50 மில்லிலிட்டர் வடிந்தன என்று கொள்வோம். ஊற்றிய 200-இலிருந்து கழித்தால் தங்கியவை முறையே 80, 115, 150. மணலின் துகள்களுக்கு இடையிலுள்ள துளைகள் பெரியவை என்பதால், ஈர்ப்பு விசை நீரை எளிதில் கீழே இழுத்துவிடுகிறது. களியின் துகள் 0.002 மில்லிமீட்டருக்கும் சிறியது. அதன் நுண்துளைகளில் நீர் சுவரோடு ஒட்டி நின்றுவிடும்.

வடிந்து முடிந்த மூன்றிலும் உடனே இன்னொரு 200 மில்லிலிட்டர் ஊற்றிப் பார்ப்பதுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி. இம்முறை களிமண்ணும் ஏறத்தாழ முழு நீரையும் வெளியே விட்டுவிடும், ஆனால் மிக மெதுவாக. நிரம்பிய துளைகளில் மேலும் தங்குவதற்கு இடமில்லை. மெதுவாக வடிவதும் நிறையத் தங்குவதும் ஒன்றல்ல என்பது இங்கே எண்களாகவே தெரியும்.

பாட்டிலில் மணலின் அடிப்பகுதி வடிந்த பிறகும் கருத்து ஈரமாகவே இருக்கும். கீழே தொடர்ச்சியாக மண் இல்லாததால் நீர் துணியின் மேல் நின்றுவிடுகிறது. ஆழமான வயலில் அந்த நீரும் இறங்கிவிடும் என்பதால், மணலுக்குக் கிடைத்த எண்ணை வயலின் அளவாகக் கொள்ளக் கூடாது. களிமண்ணில் தங்கிய 150-இல் ஒரு பகுதியை வேர்களால் உறிஞ்ச இயலாத அளவுக்கு மண் இறுகப் பற்றியிருக்கும். அந்தப் பகுதி எவ்வளவு என்பதை இந்தப் பாட்டில் காட்டாது.