"உங்களுக்குக் கீழே எத்தனை பேர்?": வெளிநாட்டு அனுபவத்தைச் சொல்லும்போது செய்யும் தவறுகள்

கிடங்கு வேலைக்கு ஆள் எடுக்கும் நேர்காணல்களில் உட்காருகிறவன் நான். பல வருடம் வெளிநாட்டில் இருந்துவிட்டுத் திரும்பியவர்களின் ரெஸ்யூமேயைப் பிரித்தால், என் பழைய ரெஸ்யூமேயே திரும்பி வந்த மாதிரி இருக்கும். எழுத்துப்பிழை, தேவையில்லாத நீளம் எல்லாம் யாரும் சொல்லாமலே தெரியும். அவற்றை விடுவோம்.

பதவிப் பெயரை மட்டும் கொண்டுவருவது

நான் எழுதியிருந்த வரி: "ஷிப்ட் மேனேஜர், தானியங்கிக் கிடங்கு, 7 ஆண்டுகள்." முதல் நேர்காணலில் முதல் கேள்வியே, "உங்களுக்குக் கீழே எத்தனை பேர்?" 18 என்றேன். எதிரே இருந்தவரின் ஷிப்டில் 150 பேர். அத்துடன் பேச்சு முடிந்தது. பொருளை எடுத்து வருவதும் பிரிப்பதும் அங்கே இயந்திரத்தின் வேலை, அதனால்தான் ஆள் குறைவு என்று நான் சொல்லவே இல்லை.

சரி என்று, அடுத்த இடத்தில் "ஒரு ஷிப்டில் 9,000 ஆர்டர்" என்று ஆரம்பித்தேன். "அது மெஷின் அனுப்பியது. நீங்கள் என்ன செய்தீர்கள்?" என்றார்கள். வாயடைத்துப் போனேன். சூப்பர்வைசர் வேலைதான் கிடைத்தது. பழைய படிக்கு ஏற மூன்று வருடம் பிடித்தது. இன்றைக்கும் நினைத்தால் எரிச்சல்தான்.

அந்த இயந்திரம் இல்லாத இடத்தில் இவர் என்ன செய்வார் என்பதுதான் கேட்பவருக்குள் ஓடும் சந்தேகம். என்னிடம் பதில் இருந்தது. நான் சேர்ந்தபோது 10,000 பொருளுக்கு 40 தவறாகப் போய்க்கொண்டிருந்தன. ஸ்கேனர் அப்போதே இருந்தது. திரும்பி வந்தவற்றை ஒரு மாதம் குறித்து வைத்துப் பார்த்தேன். பாதிக்கு மேல், ஒரே மாதிரிப் பெட்டியில் வரும் பொருட்கள். அவற்றைப் பக்கத்துப் பக்கத்துத் தட்டிலிருந்து பிரித்து வைத்தேன். ஷிப்ட் மாறும்போது கைக்கணக்கு எடுக்க வைத்தேன். தவறு 12 ஆனது. இதற்கு நோட்டும் பேனாவும் போதும்.

ரெஸ்யூமேயில் இருந்திருக்க வேண்டியது இதுதான்: "18 பேரும் கன்வேயரும் கொண்டு ஷிப்டுக்கு 9,000 ஆர்டர். அடுக்கும் முறையை மாற்றி, புதுக் கருவி வாங்காமல், தவறான அனுப்பலை 10,000-க்கு 40-லிருந்து 12 ஆகக் குறைத்தேன்."

கருவியின் பங்கை மறைக்காதீர்கள். மறைத்தால் இரண்டாவது கேள்வியிலேயே பிடிபடும்.

கடிதம் வாங்காமல் கிளம்புவது

பல நிறுவனங்கள், விலகியவரைப் பற்றி விசாரித்தால் சேர்ந்த தேதி, விட்ட தேதி, பதவி இவற்றை மட்டும் உறுதி செய்யும். என்ன வேலை பார்த்தீர்கள் என்பதை நேரடி மேலதிகாரியிடம், கிளம்பும் முன்பே எழுதி வாங்குங்கள். அப்புறம் அவரே வேறு வேலைக்குப் போயிருப்பார்.

"அங்கேயெல்லாம் இப்படி இல்லை"

ஒரு தடவைகூட வேண்டாம்.