கப்ளிங் பீம்: ஷியர் ஓகே என்று கையெழுத்துப் போடும் முன்

இரண்டு ஷியர் சுவர்களை இணைக்கும், டயகனல் கம்பி போட்ட கப்ளிங் பீமின் கணக்கு புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களிடமிருந்து சரிபார்க்க வரும்போதெல்லாம் அதே பழைய தவறுகள்தான். கம்பி வெட்டுநீளம், கவர் மாதிரி விஷயங்களை விட்டுவிடுகிறேன், அதை சைட்டிலேயே யாராவது பிடித்துவிடுவார்கள்.

சாய்கோணம்

1500 மி.மீ. இடைவெளி, 900 மி.மீ. ஆழம் என்றால் tan α = 900/1500 என்று போட்டு 31° எடுக்கிறார்கள். கம்பிக்கட்டின் மையம் பீம் விளிம்பில் இருக்காது. மேலும் கீழும் 150 உள்ளே தள்ளினால் 600/1500, அதாவது 21.8°. ஒரு டயகனலுக்கு 25 மி.மீ. கம்பி நான்கு, fy 500 என்றால் IS 13920-ன் 1.74 fy Asd sin α வாய்பாட்டில் 880 கிலோநியூட்டன் என்று நினைத்தது 634-தான்.

ரொட்டேஷன்

எனக்கு இன்றும் எரிச்சல் வருவது இதில்தான். சமீபத்தில் வந்த ஒரு ரிப்போர்ட்டில் "டிரிஃப்ட் 0.002, ரொட்டேஷன் 0.002, எல்லை 0.03, பாதுகாப்பு" என்று ஒரே வரியில் முடித்திருந்தார்கள். அந்த 0.002 சுவர் சாயும் அளவு. சுவர் சாயும்போது ஒரு சுவரின் உள்முகம் இறங்கும், எதிர்ச்சுவரின் உள்முகம் ஏறும், நடுவில் மாட்டிக்கொண்ட பீம் அந்த வித்தியாசம் முழுவதையும் தன் குட்டி நீளத்துக்குள் தாங்க வேண்டும். சுவர்கள் ஒவ்வொன்றும் 4 மீட்டர், பீம் 1.5 மீட்டர் என்றால் மையத்துக்கு மையம் 5.5; பெருக்கல் 5.5/1.5, கிட்டத்தட்ட 3.7 மடங்கு.

அதோடு முடியவில்லை. அந்த டிரிஃப்ட் ரெஸ்பான்ஸ் ரிடக்‌ஷன் காரணி R-ஆல் குறைத்த விசையில் வந்தது, R = 4 என்றால் உண்மையில் 0.008. பீமில் 0.029. IS 1893:2016-ல் மண்டலக் காரணி Z-ல் பாதியை, Z/2, வைத்து டிசைன், முழு Z நிலநடுக்கத்துக்குப் போனால் 0.058. டயகனல் பீமுக்கு ASCE 41-17 தரும் பிளாஸ்டிக் ரொட்டேஷன் 0.03, அதற்கு மேல் வலிமை சரியத் தொடங்கும், 0.05 தாண்டினால் நம்ப முடியாது. ஈல்டுக்கு முந்தைய சிறு பங்கைக் கழித்தாலும் நாம் அந்த 0.05 பக்கம்தான் நிற்கிறோம்.

இதைச் சொன்னதும் உடனே கம்பியைக் கூட்டி எடுத்துவருவார்கள். கம்பி ஷியருக்கு உதவும், ரொட்டேஷனோ பெரும்பாலும் சுவர் நீளமும் பீம் நீளமும் தீர்மானிப்பது. அதே மொத்த நீளத்தில் சுவரை 3.75 ஆக்கி பீமை 2 மீட்டராக்குங்கள், 3.7 மடங்கு 2.9-க்கு இறங்கும், சுவர் குட்டையானதால் டிரிஃப்ட் ஏறுகிறதா என்று மறுபடி ஓட்டிப் பாருங்கள். ஆர்க்கிடெக்ட் கதவு அகலத்தை மாற்ற மாட்டேன் என்பார். அந்தச் சண்டையை அடித்தள வரைபடம் போகும் முன் போட்டுவிடுங்கள்.

மாடலில் சரிபார்க்க இரு முகங்களின் செங்குத்து இடப்பெயர்வு வித்தியாசத்தை பீம் நீளத்தால் வகுத்து, முனைச்சுழற்சிகளின் சராசரியைக் குறியோடு கழியுங்கள். குறி தவறினால் விடை குறைவாக வந்து நிம்மதியாகத் தெரியும்.

ஆங்கரேஜ்

டயகனல் கம்பி சுவருக்குள் 1.5 மடங்கு டெவலப்மென்ட் நீளம் போக வேண்டும். பேரம் கிடையாது.

ஏசி குழாய்

பீம் நடுவில் ஓட்டை வேண்டாம். அங்கேதான் இரண்டு டயகனலும் வெட்டிக்கொள்கின்றன.