கூடுதல் இடமின்றி இருமுறை வரும் எண்களைக் கண்டறிய

n உறுப்புகள் கொண்ட அணியில் எல்லா மதிப்புகளும் 1 முதல் n வரைக்குள் அமைந்து, எந்த எண்ணும் இருமுறைக்கு மேல் வராது என்றால், ஒவ்வொரு மதிப்பு x-க்கும் x−1 என்னும் இடத்திலுள்ள எண்ணின் குறியை எதிர்மறையாக்குங்கள். அந்த இடம் ஏற்கெனவே எதிர்மறையாக இருந்தால் x இரண்டாம் முறை வந்திருக்கிறது.

```python
for x in a:
    i = abs(x) - 1
    if a[i] < 0:
        print(i + 1)
    else:
        a[i] = -a[i]
```

மதிப்புகள் அனைத்தும் நேர்மறை என்பதால் அவற்றின் குறி பயன்படாமல் கிடக்கிறது. அதையே 'பார்த்தாயிற்று' என்னும் அடையாளமாகக் கொள்வதால் தனி அட்டவணை தேவைப்படுவதில்லை, நேரமும் O(n) அளவிலேயே நிற்கிறது. [3, 1, 3, 4, 1] என்ற அணியில் முதல் 3 மூன்றாம் உறுப்பை −3 ஆக்குகிறது. பின்னர் அந்த −3-ஐயே படிக்கும்போது அதே உறுப்பு எதிர்மறையாக இருப்பதால் 3 அச்சாகிறது, இறுதியில் அவ்வாறே 1-உம் அச்சாகிறது. இங்கே `abs` விடுபட்டால் பைத்தான் பிழை காட்டாமலே, எதிர்மறைச் சுட்டெண்ணை ஏற்று, அணியின் கடைசியிலிருந்து எண்ணித் தவறான உறுப்பைத் தொட்டுவிடக்கூடும் என்பதால் இப்பிழை எளிதில் கண்ணில் படாது.

பூச்சியத்துக்குக் குறி மாறாது என்பதால் 0 இடம்பெறும் அணிக்கும், குறியற்ற முழுஎண் வகைக்கும், மாற்றக் கூடாத அணிக்கும் இம்முறை பொருந்தாது. ஓர் எண் மும்முறை வந்தால் அது இருமுறை அச்சாகும். அணி பின்னரும் தேவையெனில், முடிவில் ஒவ்வோர் உறுப்பையும் `abs` மூலம் பழைய நிலைக்குக் கொண்டுவரலாம்.