கிணற்றுத் தவளையைச் சீனத்தில் சொல்லும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

உரைபெயர்ப்பு பழகும் இளைஞர்களுக்கு 'ஜிங்-தி-ஜ்ர்-வா' என்ற நான்கெழுத்துத் தொடர் கிடைத்ததும் முகம் மலர்ந்துவிடுகிறது. கிணறு, அடி, உடைய, தவளை. நம் கிணற்றுத் தவளையேதான். அந்தத் தைரியத்தில், ஒரு காலத்தில் நான் சறுக்கிய அதே இடங்களில் அவர்களும் சறுக்குகிறார்கள். தொனி பிசகுவதெல்லாம் பழகப் பழகச் சரியாகிவிடும், அதை விட்டுவிடுகிறேன்.

இரண்டு கதைகளைக் குழப்புவது

தொடரை விளக்கச் சொன்னால், பலரும் கிணற்றுக்குள்ளிருந்து வானத்தைப் பார்த்து "இவ்வளவுதான் வானம்" என்ற தவளையின் கதையைச் சொல்கிறார்கள். அது 'ஸுவோ-ஜிங்-குவான்-தியேன்', அதாவது கிணற்றில் அமர்ந்து வானம் பார்த்தல் என்ற வேறொரு தொடருக்குப் பொருந்துவது. நம் தவளையின் வேர் சுவாங்சி என்ற பழைய சீனத் தத்துவ நூலின் 'இலையுதிர்கால வெள்ளம்' என்ற இயலில் இருக்கிறது. அங்கே பேச்சு கடலைப் பற்றியது. இடிந்த கிணற்றுத் தவளை கிழக்குக் கடல் ஆமையிடம் பெருமையடிக்கிறது: கைப்பிடிச் சுவரில் தாவுவேன், உடைந்த செங்கல் இடுக்கில் இளைப்பாறுவேன், இந்தத் தண்ணீர் முழுவதும் என் ஆட்சி, நீங்கள் உள்ளே வந்து பார்க்கக் கூடாதா? ஆமை இடக்காலை வைக்கும் முன்பே வலது முழங்கால் சிக்கிக்கொள்கிறது. பின்வாங்கி நின்று, பெருவெள்ளத்தில் ஏறாத, வறட்சியில் இறங்காத கடலைப் பற்றிச் சொல்கிறது. தவளை திகைத்துப் போகிறது.

இலக்கணத்திலும் வேறுபாடு உண்டு. 'ஜிங்-தி-ஜ்ர்-வா' பெயர்ச்சொல் தொடர், "அவர் ஒரு..." என்று சொல்லலாம். 'ஸுவோ-ஜிங்-குவான்-தியேன்' வினை, "அப்படிச் செய்யாதே" என்பது போல வரும்.

'நாங்கள்' என்பதை 'வோமென்' என்று விட்டுவிடுவது

இன்றும் எனக்கு எரிச்சலூட்டும் தவறு இதுதான். திருப்பூர்ப் பின்னலாடை முதலாளி ஒருவர் சீனாவின் ஷாவோஷிங் நகரில் ஒரு சாயப்பட்டறையைச் சுற்றிப் பார்த்தார். முடிவில், மனம் நெகிழ்ந்து, "இந்தத் தொழிலில் நாங்கள் எல்லாம் கிணற்றுத் தவளைகள்தான், ஐயா" என்றார். அருமையான பணிவு. உடன் வந்த பயிற்சி மாணவன் கண் இமைக்காமல் பெயர்த்தான்: "வோமென் ஜெ யீ ஹாங் த ரென் தோவ் ஷ்ர் ஜிங்-தி-ஜ்ர்-வா."

தமிழில் 'நாங்கள்' என்றதும் கேட்பவர் வெளியே நிற்கிறார். அவரையும் சேர்க்க 'நாம்' வேண்டும். சீனத்தில் 'ஸாமென்' கேட்பவரைச் சேர்க்கும். ஆனால் 'வோமென்' இரண்டு விதமாகவும் வரும். கூடவே "இந்தத் தொழில்காரர்கள்", "எல்லோரும்" என்று மாணவன் அடுக்கிவிட்டான். எதிரே நின்றவரும் அதே தொழில்காரர். அவர் காதில் விழுந்தது, "இந்தத் தொழிலில் நாம் எல்லோருமே கிணற்றடித் தவளைகள்". முப்பது ஆண்டு சாயத்தொட்டியோடு வாழ்ந்தவரிடம், அவருடைய பட்டறையிலேயே நின்றுகொண்டு!

அவர் கோபப்படவில்லை. அதுதான் ஆபத்து. "அப்படியா" என்று சிரித்தார். தேநீர் ஊற்றுவதை மட்டும் நிறுத்திவிட்டார். காலையில் 60 நாள் தவணைக்குத் தலையாட்டியவர், மாலையில் முழுத்தொகையும் முன்பணமாக வேண்டும் என்றார். நம் முதலாளிக்குக் காரணமே விளங்கவில்லை. மாணவனுக்கும் விளங்கவில்லை, சொல்லுக்குச் சொல் சரியாகத்தானே பெயர்த்தேன் என்று நின்றான்.

இந்தத் தொடரைத் தாழ்மைக்குச் சொல்வதென்றால் ஒருமையில் சொல்லுங்கள். 'வோ', நான், என்று தொடங்கி, உடனே 'தா-காய்-யென்-ஜியே', கண் திறந்தது, என்பதைச் சேர்த்துவிடுங்கள்: "நான் கிணற்றுத் தவளையாகவே இருந்துவிட்டேன், இன்றுதான் கண் திறந்தது." பழி உங்களோடு நிற்கும், பாராட்டு எதிரே இருப்பவருக்குப் போகும். முதலாளி 'நாங்கள்' என்றாலும், உங்கள் வாயில் அது 'திருப்பூரிலிருந்து வந்திருக்கும் நாங்கள்' என்று எல்லை கட்டி வர வேண்டும். வாடிக்கையாளரின் சொற்களைத் திருத்தலாமா என்று கேட்பார்கள். அவர் சொன்ன 'நாங்கள்' அந்த எல்லையைத் தனக்குள்ளேயே வைத்திருந்தது. அதைக் கீழே போட்டவர் நீங்கள்.

இரக்கத்துக்குச் சொல்வது

"பாவம், வீட்டைத் தாண்டாமல் கிணற்றுத் தவளையாக வளர்ந்துவிட்டாள்" என்று நாம் பரிவோடும் சொல்வதுண்டு. சீனத்தில் அந்தப் பரிவு இல்லை. அறியாமையோடு அகந்தையும் ஒட்டிக்கொண்டே வரும். நம் பழைய தவளையும் அப்படித்தான் இருந்தது. பழமொழி நானூற்றில், "உணற்கினிய இந்நீர் பிறிதுழி இல்" என்று, குடிக்க இனிய நீர் வேறெங்கும் இல்லையெனச் சொல்லும் 'கிணற்றகத்துத் தேரை' வருகிறது. ஆமையிடம் பீற்றிய தவளைக்கு நெருங்கிய உறவு அதுதான். அகந்தை இல்லாமல், தன் கேள்வியறிவு குறைவு என்று மட்டும் சொல்ல வேண்டுமானால் 'கு-லோவ்-குவா-வென்' போதும்.

எதிரே இருப்பவரைச் சொல்வது

கூடாது. விளையாட்டுக்கும் கூடாது.

'உடைய' என்னும் 'ஜ்ர்' இருக்குமிடத்தில் பேச்சு வழக்கின் 'த'வைப் போடுவது

பொருள் புரியும், மரபுத்தொடர் போய்விடும்.