மழை வந்தால் பெட் காசு திரும்புமா?

செப்டெம்பரில் திருகோணமலையில் கச்சான் காற்றும் வெயிலும்தான். அதே நேரம் கொழும்பு கெத்தாராமவில் ஆடுகளத்தை மூடிவைத்து மழை விடக் காத்திருப்பார்கள். இங்கே டிவிக்கு முன்னால் இருக்கும் பெடியன்களிடம் அப்போது அடிக்கடி கேட்கும் பேச்சு: "மழை குழப்பிட்டுது மச்சான், போட்ட காசு திரும்பி வரும்தானே?"

எல்லாக் காசும் வராது. மழையை ஒரே ஒரு கேள்வியாகப் பார்ப்பதுதான் பெரிய தவறு. யார் வெல்வார் என்ற பெட்டுக்கு ஒரு விதி, எத்தனை ஓட்டம் என்ற பெட்டுக்கு வேறு விதி. ஒரே மேட்சில் ஒன்று செல்லும், மற்றது ரத்தாகும்.

2023 ஆசியக் கிண்ணத்தில், செப்டெம்பர் 14 அன்று, பாகிஸ்தானும் இலங்கையும் கெத்தாராமவில் ஆடிய மேட்சை எடுத்துக்கொள்வோம். தொடக்கமே பிந்தியதால் 50 ஓவர் 45 ஆனது. பாகிஸ்தான் 5 விக்கெட்டுக்கு 130 எடுத்திருந்தபோது மறுபடி மழை. 42 ஓவராகக் குறைத்தார்கள். பாகிஸ்தான் 252, இலங்கைக்கு டக்வேர்த் லூயிஸ் ஸ்டேர்ன் முறைப்படி இலக்கும் 252. அசலங்க கடைசிப் பந்தில் அதை எட்டினார். இரண்டு அணிக்கும் 252 என்றால் சமநிலைதானே, வெற்றி பெட் எப்படிச் செல்லும் என்று சண்டை பிடிப்பவர்கள் உண்டு. புக்கி பார்ப்பது அதிகாரபூர்வ முடிவை மட்டும்தான். முடிவு இலங்கை வெற்றி. ஆகவே இலங்கைக்குப் போட்டவருக்குக் காசு, பாகிஸ்தானுக்குப் போட்டவருக்கு இழப்பு. ஓவர் குறைந்தது இங்கே ஒரு காரணமே இல்லை.

ஓட்டக் கணக்குக்குப் போட்டவர் கதை வேறு. மேட்சுக்கு முன்பே, 50 ஓவர் நடக்கும் என்ற கணக்கில், "பாகிஸ்தான் 270.5க்குக் கீழே" என்று ஒருவர் போட்டிருந்தார் என்று வைப்போம். 252தான் வந்தது, வென்றுவிட்டேன் என்று நினைப்பார். பெரும்பாலான புக்கிகளின் விதிப்படி அந்த பெட் ரத்து; சீட்டில் Void என்று விழும், போட்ட காசு மட்டும் திரும்பும். எட்டு ஓவர் குறைந்த இன்னிங்ஸை 50 ஓவர் கணக்கோடு ஒப்பிட முடியாது என்பதுதான் காரணம், அது நியாயமும்கூட. "240.5க்கு மேலே" என்று போட்டவருக்கும் வழக்கமாக இதே கதிதான். ஓவரைக் குறைத்த நேரத்தில் 130தானே இருந்தது, அந்தக் கோடு இன்னும் தாண்டப்படவில்லை. குறைப்பதற்கு முன்பே கோடு தாண்டப்பட்டிருந்தால் பெட் செல்லும். 42 ஓவர் என்று அறிவித்த பிறகு, புதிய கணக்கில் போட்டதும் செல்லும். சில புக்கிகள் ஓரிரு ஓவர் குறைந்தால் பரவாயில்லை என்று விடுவார்கள். அந்த எல்லை ஆளுக்கு ஆள் மாறும் என்பதால், போடுமுன் கிரிக்கெட் விதிப் பக்கத்தில் அந்த ஒரு வரியையாவது தேடிப் பார்க்க வேண்டும்.

மறுபக்கத் தவறு, மேட்ச் கைவிடப்பட்டால் எல்லாமே ரத்து என்று சீட்டைக் கிழித்துப் போடுவது. அதே ஆண்டு செப்டெம்பர் 2, பல்லேகலயில் இந்தியா 48.5 ஓவரில் 266க்கு எல்லா விக்கெட்டையும் இழந்தது. பாகிஸ்தான் ஒரு பந்துகூட ஆடவில்லை, முடிவில்லை. ஒருநாள் மேட்சில் இரண்டாவது அணிக்குக் குறைந்தது 20 ஓவர், டி20 என்றால் 5 ஓவர் கிடைக்காவிட்டால் பொதுவாக முடிவு அறிவிக்க முடியாது. அதனால் வெற்றி பெட் ரத்து. ஆனால் இந்தியாவின் இன்னிங்ஸ் தானாகவே முடிந்துவிட்டதே! இந்தியா எத்தனை ஓட்டம், இந்திய அணியில் யார் அதிக ஓட்டம் என்ற பெட்டுகள் பல புக்கிகளிடம் செல்லும். அணியில் அதிகமாக 87 எடுத்த பாண்டியாவுக்குப் போட்டவர் சீட்டை வைத்திருக்க வேண்டும். நாணயச் சுழற்சிக்குப் போட்டதும் அப்படித்தான், சுண்டியதோடு அது முடிந்த காரியம்.

ரிசர்வ் நாள் இருக்கிறதா என்று பார்க்காமல் அன்றிரவே காசு கேட்டுப் போவதும் வீண். 2019 உலகக் கிண்ண அரையிறுதியில் நியூசிலாந்தின் இன்னிங்ஸ் 46.1 ஓவரில் நின்று மறுநாள் அங்கிருந்தே தொடர்ந்தது. அப்படித் தொடரும் மேட்சில் பெட்டும் அப்படியே நிற்கும்.

சேர்த்துப் போடும் பெட்டில் ஒரு மேட்ச் ரத்தானால் முழுச் சீட்டும் போய்விடாது. ரத்தானதன் விகிதத்தை 1.00 என்று எடுத்துக்கொள்வார்கள். 1.80, 1.50, 2.00 என்று மூன்று மேட்சுக்கு 1000 ரூபாய் போட்டிருந்தால், மூன்றும் வென்றால் 5400. கடைசி மேட்ச் மழையில் போய் மற்ற இரண்டும் வென்றால் 1.80 தர 1.50, அதாவது 2700 ரூபாய் கையில் வர வேண்டும். 1000 ரூபாயைத் திருப்பித் தந்து சரி என்று சொன்னால் கணக்கைக் காட்டிக் கேளுங்கள்.