கடைக்குக் கெடு வைத்து எழுதும் கடிதத்தில் செய்யக்கூடாதவை

பொங்கலுக்கு முன் சிங்கப்பூரில் 890 வெள்ளிக்கு வாங்கிய துணி துவைக்கும் இயந்திரம் ஏப்ரலில் அடியில் ஒழுக ஆரம்பிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கடை ஆள் இரண்டு முறை வந்து பார்த்தும் ஒழுகல் நிற்கவில்லை. கடுப்பில் ஒரு கடிதம் எழுதுகிறோம்: “உடனே முழுப் பணத்தையும் தராவிட்டால் ஆணையத்துக்குப் போவேன்.” இந்த ஒரே வரியில் மூன்று தவறுகள் இருக்கின்றன.

முதலில் ஆணையம். இந்தியாவில் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் நாமே வழக்குப் போடலாம். அந்த ஞாபகத்தில் இங்கேயும் அப்படியே எழுதிவிடுகிறோம். சிங்கப்பூரின் போட்டித்தன்மை, பயனீட்டாளர் ஆணையம் தனிப்பட்ட தகராறுகளைத் தீர்த்துவைப்பதில்லை. திரும்பத் திரும்ப ஏமாற்றும் வியாபாரிகள் மீதுதான் நடவடிக்கை எடுக்கும். நமக்குக் கைகொடுப்பவை பயனீட்டாளர் சங்கமான கேஸும், 20,000 வெள்ளி வரை விசாரிக்கும் சிறு உரிமைகோரல் நடுவர் மன்றமும்தான். கடைக்காரருக்கு இது நன்றாகவே தெரியும்.

அடுத்தது “உடனே”. அது கெடு ஆகாது. தேதி போடுங்கள். உதிரிபாகம் வரவழைக்கவும் நேரம் வேண்டும் என்பதால் 14 நாள் நியாயமாகத் தெரியும். மூன்றே நாள் கொடுத்தால் நாம்தான் அவசரப்பட்டவர் போல ஆகிவிடுவோம்.

பணம் கேட்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். குறையுள்ள பொருள்களுக்கான லெமன் சட்டப்படி முதலில் பழுதுபார்ப்பு அல்லது மாற்றுப்பொருள். அது நியாயமான காலத்தில் நடக்காவிட்டால்தான் விலைக்குறைப்பு, அல்லது பொருளைக் கொடுத்துப் பணத்தைத் திரும்பப் பெறுவது. ஆகவே இரண்டு பழுதுபார்ப்பும் தோற்றுப்போனதைத் தேதியோடு எழுதினால்தான் பணம் கேட்பதற்கு அடித்தளம் கிடைக்கும். ஒழுகல் தெரிந்த தேதி இன்னும் முக்கியம். பொருள் கைக்கு வந்து ஆறு மாதத்துக்குள் தெரியும் குறை, தொடக்கத்திலேயே இருந்ததாகத்தான் பொதுவாகக் கொள்ளப்படும். இல்லை என்று காட்டவேண்டியது கடையின் பொறுப்பு. “சில மாதங்களுக்கு முன்பு” என்று எழுதினால் இந்தச் சாதகம் மங்கிவிடும்.

கடிதத்தின் உடல் இவ்வளவு போதும்:

“ஜனவரி 10 அன்று வந்த இயந்திரம் ஏப்ரல் 6 முதல் ஒழுகுகிறது. ஏப்ரல் 11, மே 3 ஆகிய தேதிகளில் உங்கள் ஆள் பழுதுபார்த்தும் சரியாகவில்லை. மே 24 மாலை 5 மணிக்குள் 890 வெள்ளியைத் திருப்பித் தந்து இயந்திரத்தை எடுத்துச்செல்லவும். தவறினால் சிறு உரிமைகோரல் நடுவர் மன்றத்தில் கோரிக்கை பதிவுசெய்வேன்.”

ரசீது, ஒழுகும் வீடியோ, வாட்ஸ்அப் உரையாடலின் நகல் ஆகியவற்றை இணையுங்கள். இதைத் தயாரிப்பு நிறுவனத்துக்கு அனுப்பிப் பயனில்லை. நமக்கு விற்றவர் கடைக்காரர். பலகையில் உள்ள பெயரும் பதிவான நிறுவனப் பெயரும் வேறாக இருக்கலாம். ரசீதிலோ நிறுவனப் பதிவு விவரங்கள் உள்ள பிஸ்ஃபைல் தளத்திலோ பார்த்துப் பதிவான பெயருக்கே எழுதுங்கள்.

அப்புறம், கெடு முடிந்ததும் “கடைசி எச்சரிக்கை”, “இறுதிக் கடைசி எச்சரிக்கை” என்று இன்னொன்று அனுப்பவேண்டாம். மன்றத்துக்குப் போக உள்ள இரண்டாண்டுக் காலவரம்பு நம் கடிதத்துக்காக நிற்காது. பதிவுக் கட்டணமும் இந்தத் தொகைக்கு 10 வெள்ளிதான். இரு தரப்புக்குமே வக்கீல் வாதாட அனுமதியில்லை.